அறக்கூற்றுகள் எல்லாமே பொய்யா? பிழைக் கோட்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“கொலை தவறு” என்று சொன்னால் அதுவும் பொய்தான் என்கிறார்களாமே? நிஜமாகவே ஒரு தத்துவ அறிஞர் இப்படிச் சொன்னாரா?

சொன்னார். அவர் பெயர் ஜே. எல். மேக்கி. 1917-இல் சிட்னியில் பிறந்தவர். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் கற்பித்தவர். 1946-இலேயே ஒரு கட்டுரையில் இந்தக் கருத்தை முன்வைத்தார். 1977-இல் வெளிவந்த அவருடைய அறவியல் நூலில் அது முழு வடிவம் பெற்றது. அந்த நூலின் முதல் அத்தியாயம் “புறவயமான மதிப்புகள் இல்லை” என்ற பொருள் தரும் ஒற்றை வரியோடு தொடங்குகிறது. சரியும் தவறும் நாம் உருவாக்குபவை, கண்டெடுப்பவை அல்ல என்று நூலின் துணைத்தலைப்பே சொல்லிவிடும்.

அவர் சொல்வதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஊர் எல்லையில் இருக்கும் புளியமரத்தைக் காட்டி, “அதில் பேய் இருக்கிறது” என்று ஒருவர் சொல்கிறார். மரம் உண்மை. இரவில் அதன் நிழல் உண்மை. அவருடைய பயமும் உண்மை. ஆனால் அவர் சொன்னது தன் பயத்தைப் பற்றி அல்ல. மரத்தில் ஒன்று குடியிருக்கிறது என்றுதான் சொன்னார். அப்படி ஒன்று அங்கே இல்லை. ஆகவே எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் அந்தக் கூற்று பொய். “பொய்” என்றால் ஏமாற்று என்று பொருளல்ல, உண்மைக்குப் பொருந்தாதது என்று பொருள்.

“கொலை தவறு” என்பதும் அதே வகை என்கிறார் மேக்கி. கொலை உண்மை, அதைக் கண்டு நாம் நடுங்குவது உண்மை. ஆனால் “தவறு” என்னும் சொல் இவற்றுக்கு அப்பால் இன்னொன்று அந்தச் செயலிலேயே இருப்பதாகச் சொல்கிறது. அந்த இன்னொன்று இல்லை. நம் பேச்சில் புகுந்திருக்கும் இந்தப் பிழையைச் சுட்டுவதால்தான் இதற்குப் பிழைக் கோட்பாடு என்று பெயர்.

அப்படியென்றால் கொலை செய்யலாம் என்கிறாரா?

இல்லை. “கொலை செய்யலாம்” என்பதும் ஓர் அறக்கூற்றுதான். அனுமதி என்று ஒன்று உலகில் இருப்பதாக அது சொல்கிறது. தடை இல்லாத உலகத்தில் அனுமதியும் இல்லை.

இங்கே நிதானமாக யோசிக்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. “கொலை தவறு” என்பது பொய் என்றால், “கொலை தவறில்லை” என்பது மெய்யாகத்தானே வேண்டும்? தமிழில் “தவறில்லை” என்று ஒருவர் சொன்னால், செய்துகொள் என்று அனுமதி கொடுத்துவிட்டதாகவே காதில் விழுகிறது. பேய்க்கே திரும்புவோம். “புளியமரத்துப் பேய் கோபமாக இல்லை” என்கிறேன். பேயே இல்லாததால் அது மெய்தான். அதனால் பேய் சாந்தமாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? கேட்பவர் அப்படி எடுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் பேயைப் பற்றிப் பேசுகிறவர் பேயை நம்புகிறவராகத்தான் இருப்பார் என்பது நம் வழக்கமான அனுமானம். சொன்ன வாக்கியம் அதைச் சொல்லவில்லை. 2014-இல் பிழைக் கோட்பாட்டைப் பற்றித் தனி நூல் எழுதிய ஜோனஸ் ஓல்சன் ஏறத்தாழ இப்படித்தான் விடை சொல்கிறார்: “தவறில்லை” என்பதிலிருந்து “செய்யலாம்” என்று நாம் தாவுவது பேச்சு வழக்கத்தால், தர்க்கத்தால் அல்ல.

ஆகவே “எல்லா அறக்கூற்றுகளும் பொய்” என்ற புகழ்பெற்ற வாசகம் சற்று அவசரமானது. ஒரு செயல் சரி, தவறு, கடமை, அனுமதிக்கப்பட்டது என்று ஏதேனும் ஓர் அறப்பண்பை ஏற்றிச் சொல்லும் கூற்றுகள் பொய் என்பதே துல்லியமான வடிவம். வெறும் மறுப்புகள் அந்தப் பட்டியலில் சேரா.

அறம் என்பது அவரவர் உணர்ச்சிதான் என்று முன்பே பலர் சொல்லியிருக்கிறார்களே? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

இரண்டும் வேறு. 1936-இல் ஏ. ஜே. ஏயர் என்னும் தத்துவ அறிஞர் சொன்னது, “திருட்டு தவறு” என்பது முகம் சுளிப்பதைப் போன்ற ஒரு வெளிப்பாடு என்பது. முகச்சுளிப்பு மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது. ஏயர் சொல்வது சரியென்றால் அறப்பேச்சில் பிழையே கிடையாது; எதையும் வலியுறுத்தாத பேச்சில் பிழை எங்கிருந்து வரும்?

மேக்கி இதை ஏற்கவில்லை. அவர் தரும் உதாரணம் ஓர் ஆராய்ச்சியாளர். நுண்ணுயிர்ப் போர் தொடர்பான ஆய்வில் சேரலாமா என்று அவர் தவிக்கிறார். “இதைப் பற்றி எனக்கு என்ன உணர்ச்சி?” என்பது அவருடைய கேள்வி அல்ல. அது அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஊரார் என்ன சொல்வார்கள் என்பதும் அவர் கேள்வி அல்ல. இந்த வேலை தன்னளவிலேயே தவறானதா என்பதைத்தான் அவர் அறியத் துடிக்கிறார். தன் விருப்பத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் வெளியே நிற்கும் ஒரு விடையைத் தேடுகிறார்.

பிழைக் கோட்பாடு இப்படி இரண்டு கால்களில் நிற்கிறது. நம் அறப்பேச்சு புறவயமான ஒன்றை உண்மையாகவே கோருகிறது என்பது ஒன்று. அப்படி ஒன்று இல்லை என்பது மற்றொன்று. விமர்சகர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத் தாக்குகிறார்கள். எனக்கு முதலாவதும் சமமாக முக்கியம் என்று படுகிறது. அதை மறுத்துவிட்டால் பொய்யாவதற்கு ஒன்றுமே இல்லாமல் போகும்.

விசித்திர வாதம் என்கிறார்களே, அது என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

“வேண்டும்” என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். “முதல் பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கு எழ வேண்டும்.” இதில் மர்மம் எதுவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், இவரோ அந்த பஸ்ஸில் போக விரும்புகிறார், இவ்வளவுதான் கணக்கு. பயணத்தை அவர் கைவிட்ட கணமே அந்த “வேண்டும்” கரைந்துவிடும். மேக்கிக்கு இந்த வகையோடு எந்தச் சண்டையும் இல்லை.

இப்போது “துன்புறுத்தக் கூடாது” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். “எனக்கு அப்படி எந்த விருப்பமும் இல்லையே, துன்புறுத்துவதுதான் எனக்குப் பிடிக்கிறது” என்று ஒருவன் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? “அப்படியா, உனக்கு இது பொருந்தாது” என்று விட்டுவிடுவதில்லை. இன்னும் உரக்க, “கூடாது” என்கிறோம். இந்தக் “கூடாது” அவனுடைய எந்த விருப்பத்தையும் பிடித்துத் தொங்கவில்லை. தானாகவே அவனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு இருப்பதாகப் பேசுகிறது.

உலகில் இருக்கும் பொருள்களையும் பண்புகளையும் வரிசையாக எண்ணிப் பாருங்கள். கல்லுக்கு எடை உண்டு, நீருக்கு வெப்பம் உண்டு, மனிதனுக்கு ஆசையும் வலியும் உண்டு. இவற்றில் எதுவும் யாரையும் நோக்கி “இதைச் செய், அதைச் செய்யாதே” என்று தானாகக் கட்டளையிடுவதில்லை. கட்டளையிடுகிறவர்கள் உண்டு, ஆனால் அந்தக் கட்டளைக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பார். யாரும் இடாத, யாருடைய விருப்பத்தையும் சாராத, ஆனாலும் எல்லோரையும் கட்டும் ஒரு கோரிக்கை பிரபஞ்சத்தின் இழையிலேயே நெய்யப்பட்டிருக்கிறது என்றால், அது நாம் அறிந்த வேறு எதைப் போலவும் இல்லாத ஒன்றாக இருக்கும். இதுதான் விசித்திரம். பிளேட்டோவின் “நன்மை” என்னும் வடிவம் அப்படிப்பட்ட ஒன்றுக்கு நல்ல சித்திரம் என்று மேக்கியே குறிப்பிடுகிறார்: அதை அறிந்தாலே போதும், அறிந்தவன் அதை நாடியே தீருவான், நாடப்பட வேண்டிய தன்மை அதற்குள்ளேயே குடியிருக்கிறது.

இன்னும் புரியவில்லை. ஒரு கொடுமையைக் கண்ணால் பார்க்கிறோம், அது தவறு என்று உடனே தெரிகிறது. இதில் என்ன விசித்திரம்?

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தேநீர்க் கடை. வாசலில் ஒரு செவலை நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கடையில் நின்ற ஒருவர் பாத்திரம் அலச வைத்திருந்த கொதிநீரை ஒரு குவளையில் மொண்டு அதன் முதுகில் ஊற்றினார். நாய் ஊளையிட்டுக்கொண்டு பின்னங்கால்களை இழுத்தபடி சாலையைக் கடந்து ஓடியது. அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். நாய் அவரைக் கடித்திருக்கவில்லை, வழியை மறித்திருக்கவில்லை. சும்மா ஒரு வேடிக்கை.

இனி அந்தக் காட்சியில் இருந்தவற்றை எழுதிப் பார்ப்போம். நீரின் வெப்பம். வெந்துபோன தோல். நாயின் வலி, அதுவும் உலகில் நடந்த உண்மையான நிகழ்வு. ஊற்றியவரின் நோக்கம். அவருடைய சிரிப்பு. பார்த்த எனக்கு வயிற்றில் எழுந்த பதைப்பு. பட்டியல் முடிந்துவிட்டது. இதில் “தவறு” எங்கே இருக்கிறது? 1740 வாக்கில் டேவிட் ஹியூம் என்னும் தத்துவ அறிஞர் ஒரு கொலையை எடுத்துக்கொண்டு இதே தேடலைச் செய்தார். செயலை எந்தப் பக்கம் புரட்டினாலும் நோக்கங்களும் ஆசைகளும் நிகழ்வுகளும்தான் கிடைக்கின்றன; உங்கள் நெஞ்சுக்குள் திரும்பிப் பார்க்கும்வரை தீமை அகப்படுவதில்லை என்றார்.

மேக்கி இதில் இரண்டு முடிச்சுகளைக் காட்டுகிறார். ஒன்று, “ஆகையால்” என்ற சொல். வேடிக்கைக்காக வலி கொடுத்தார், ஆகையால் அது தவறு என்கிறோம். இந்த “ஆகையால்” எந்த வகை? தீ பட்டது, ஆகையால் தோல் வெந்தது என்பதுபோன்ற காரண உறவு அல்ல. மணமாகாதவர், ஆகையால் மனைவி இல்லை என்பதுபோன்ற சொற்பொருள் உறவும் அல்ல. இரண்டும் இல்லையென்றால் வலிக்கும் தவறுக்கும் நடுவே இருக்கும் கயிறு என்ன?

மற்றொன்று, நமக்கு அது எப்படித் தெரிகிறது என்பது. வெந்த தோலைக் கண் காட்டியது. ஊளையைக் காது காட்டியது. தோலும் ஊளையும் போதாமல் மூன்றாவதாகத் தவறு என்ற ஒன்றையும், அதற்கும் இவற்றுக்கும் உள்ள கயிற்றையும் எந்தப் புலன் காட்டியது? “உள்ளுணர்வு” என்று பதில் சொன்னால் ஒரு பெயர் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது.

என் மதிப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன்: முன்பு சொன்ன கட்டளைச் சிக்கலையும் சேர்த்தால் மொத்தம் மூன்று; அவற்றில் இந்தக் கடைசி முடிச்சு பலவீனமானது. கணிதத்தை எந்தப் புலன் காட்டுகிறது என்று கேட்டாலும் நாம் திணறத்தான் செய்வோம்; அதற்காக 7 பகா எண் என்பதை யாரும் கைவிடுவதில்லை. வாதத்தின் முழு எடையும் விருப்பத்தைச் சாராத அந்தக் கட்டளையின்மேல்தான் இருக்கிறது.

விசித்திரமாக இருப்பதாலேயே ஒன்று இல்லாமல் போய்விடுமா? குவாண்டம் இயற்பியல்கூட விசித்திரம்தானே?

நியாயமான கேள்வி. விசித்திரம் மட்டும் போதாது. எலக்ட்ரானின் நடத்தை நம் அறிவுக்கு எவ்வளவு ஒவ்வாததாக இருந்தாலும் அதை ஏற்கிறோம். ஏற்காவிட்டால் சோதனைக்கூடத்தில் கிடைக்கும் அளவீடுகளை விளக்க முடியாது. விசித்திரத்துக்கு உரிய விலையை அது கொடுத்துவிடுகிறது.

அறப்பண்புகள் அந்த விலையைக் கொடுப்பதில்லை என்பதே மேக்கியின் வாதத்தில் மறைமுகமாக இருக்கும் இரண்டாம் பாதி. தேநீர்க் கடையில் எனக்கு ஏன் பதைத்தது? வலியில் துடிக்கும் உயிரைக் கண்டு இரங்கும் இயல்பு எனக்குள் இருக்கிறது. வளர்ப்பு அதைக் கூர்மையாக்கியிருக்கிறது. ஒருவரோடு ஒருவர் இணங்கி வாழ வேண்டிய இனமாக இருந்ததால், கொடுமையைக் கண்டிக்கும் வழக்கமும் நம்மிடம் நிலைத்திருக்கிறது. இவ்வளவும் சொன்ன பிறகு, “தவறு என்ற பண்பு அங்கே இருந்ததால்தான் பதைத்தாய்” என்று சேர்ப்பதால் விளக்கம் கூடுவதில்லை.

சமூகத்துக்குச் சமூகம் அறநெறிகள் மாறுவதையும் அவர் இப்படியே படிக்கிறார். ஒருவனுக்கு ஒருத்தி என்ற முறையில் வாழ்கிறவர்கள் அதை ஒழுக்கம் என்று போற்றுகிறார்கள். ஒழுக்கத்தைக் கண்டுகொண்டதால் அப்படி வாழத் தொடங்கினார்கள் என்பதைவிட, அப்படி வாழ்வதால் அதை ஒழுக்கமாகக் கருதுகிறார்கள் என்பதே நம்பத்தக்கது என்கிறார். வேறுபாடு இருப்பது மட்டுமே எதையும் நிரூபிக்காது என்று அவருக்கும் தெரியும்; விஞ்ஞானிகளும் வேறுபடுகிறார்கள். வேறுபாட்டுக்கு எது நல்ல விளக்கம் என்பதே அவர் கேள்வி.

நம் மனத்தில் எழுவதை வெளியே இருப்பதாகக் காண்பது நமக்குப் புதிதல்ல. அழுகிய மீனைக் கண்டு முகம் திருப்புகிறோம். அருவருப்பு மீனிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. ஈக்கு அது விருந்து.

இதற்கு வலுவான மறுப்பு எது?

பலரும் முதலில் சொல்லும் மறுப்பு, “வேடிக்கைக்காக ஓர் உயிரை வதைப்பது தவறு என்பது எந்தத் தத்துவ வாதத்தைவிடவும் எனக்கு உறுதியாகத் தெரியும்” என்பது. இதில் நேர்மை இருக்கிறது, எனக்கும் அந்த உறுதி இருக்கிறது. ஆனால் அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதற்குத்தான் மேக்கி வேறு விளக்கம் தந்துவிட்டாரே. உறுதியை மட்டும் காட்டி அந்த விளக்கத்தை வீழ்த்த முடியாது.

கிறிஸ்டின் கோர்ஸ்கார்டு என்னும் தத்துவ அறிஞர் 1996-இல் வந்த தன் நூலில் வேறு வழியில் திருப்பிக் கேட்டார்: நம்மை நோக்கி “இதைச் செய், செய்யாதே” என்று சொல்லும் பொருள் உலகில் இல்லையா? மனிதர்களும் விலங்குகளும் அன்றாடம் அதைத்தானே செய்கிறார்கள்? அந்த நாயின் ஊளையை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பதில் என்னைத் தொடுகிறது. ஆனாலும் ஊளை கேட்டும் சிரித்தவரை அது ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்ற இடத்தில் கேள்வி அப்படியே நிற்கிறது.

உண்மையிலேயே ஆபத்தான மறுப்பு இன்னொன்று. கூட்டாளிக் குற்றவாளிகள் வாதம் என்று அதைச் சொல்லலாம். புறவய அறத்தைக் காக்க நினைப்பவருக்கு உகந்த வழி இந்தத் திசைதான் என்று மேக்கியே ஒப்புக்கொண்டார். 2007-இல் டெரன்ஸ் கியூனியோ ஒரு முழு நூலில் இதை வளர்த்தெடுத்தார். வாதம் இப்படிப் போகிறது.

ஒரு மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டி, “எலும்பு முறிந்திருக்கிறது” என்கிறார். நோயாளி, “முறியவில்லை என்று நம்பவே எனக்கு விருப்பம்” என்கிறார். நாம் என்ன சொல்வோம்? “உன் விருப்பம் எதுவானாலும், இந்தச் சான்றைப் பார்த்த பிறகு நம்பத்தான் வேண்டும்.” கவனியுங்கள், இந்த “வேண்டும்” பஸ் பிடிக்கும் “வேண்டும்” அல்ல. இது ஆளின் விருப்பத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. “துன்புறுத்தக் கூடாது” என்பதில் எது விசித்திரமாகத் தெரிந்ததோ, அது அப்படியே இங்கும் இருக்கிறது. விசித்திரம் என்பதற்காக அறத்தின் “வேண்டும்” போகவேண்டும் என்றால், அறிவின் “வேண்டும்” எப்படித் தங்கும்? அதுவும் போய்விட்டால், பிழைக் கோட்பாட்டை நம்புவதற்கும் எந்த நியாயமும் எஞ்சாது. ஆள் தான் உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிறார்.

ஓல்சன் இதை எதிர்கொள்ளும் விதம் துணிச்சலானது. ஆம், விருப்பத்தைச் சாராத கட்டளை என்ற பொருளில் நம்பிக்கைக்கும் நியாயங்கள் இல்லை என்று ஏற்றுக்கொள்கிறார். சான்று மட்டும் மிஞ்சும். இன்ன படம் இருந்தால் இன்ன முறிவு இருக்கும் வாய்ப்பு மிகுதி என்பது வெறும் உண்மை. அதில் கட்டளை இல்லை. அவருடைய வாதங்களும் அந்த வகைச் சான்றுகள்தான். “நீ நம்பியே ஆகவேண்டும்” என்று அவை ஆணையிடவில்லை. இதில் முரண்பாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சான்றைப் பார்த்தும் கண்ணை மூடிக்கொள்கிறவரிடம் எந்தக் குறையும் இல்லை என்று சொல்ல நேரும் அந்த இடத்தில் எனக்குக் கால் நகர மறுக்கிறது. இந்த விவாதம் முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை.

கடவுள் இருக்கிறார் என்றால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமே?

மேக்கி நாத்திகர், ஆனால் இந்த இணைப்பை ஒளிக்காமல் சொன்னார். 1981-இல் அவர் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த நூலில், புறவயமான மதிப்புகள் இருக்குமானால் கடவுள் இருப்பதற்கான வாய்ப்பு அவை இல்லாதபோது இருப்பதைவிடக் கூடுகிறது என்று எழுதினார். தன் கட்சிக்கு எதிராகப் பயன்படக்கூடியதை இப்படி எழுதிவைத்ததற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கடவுள் சொன்னதாலேயே ஒன்று நல்லதாகுமா, நல்லது என்பதால் கடவுள் சொல்கிறாரா என்ற பழைய கேள்வி அப்போதும் காத்திருக்கும்.

எல்லாம் பிழை என்று ஏற்றுக்கொண்ட ஒருவர் அதன்பின் எப்படிப் பேசுவார், எப்படி வாழ்வார்?

மேக்கியின் நூலில் இந்தக் கோட்பாடு முதல் பகுதிதான். மீதிப் பக்கங்களில் அவர் எந்த நெறிகள் நமக்குத் தேவை என்று ஆராய்கிறார். மனிதர்களின் இரக்கம் குறுகியது, தன் வீட்டைத் தாண்டிப் போகத் தயங்குவது. அதனால் விளையும் கேடுகளைத் தடுக்க ஏற்பட்ட ஏற்பாடு அறம் என்பது அவர் பார்வை. கண்டெடுக்க ஒன்றும் இல்லாததால் நன்றாகச் செய்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது.

பின்வந்தவர்கள் இதில் பிரிந்தார்கள். அறப்பேச்சை அடியோடு ஒழிக்கலாம் என்பவர்கள் உண்டு. ரிச்சர்ட் ஜாய்ஸ் 2001-இல், நம்பாமலேயே அதைக் கையாளலாம் என்றார். கதை படிக்கும்போது அதில் மூழ்குவதுபோல “இது தவறு” என்ற எண்ணத்தில் மூழ்கலாம். யாராவது அழுத்திக் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லலாம். சபலம் வரும் நேரத்தில் “நீண்டகால நோக்கில் எனக்கு இது நல்லதல்ல” என்ற கணக்கைவிட “இது தவறு” என்ற எண்ணம் கையை விரைவாகப் பிடித்து நிறுத்தும் என்பது அவர் காட்டும் பயன். இதில் ஒரு குறை தெரிகிறது. உண்மையிலேயே ஆசை பொங்கும் நேரத்தில், கதை என்று தெரிந்த ஒன்று கையைப் பிடிக்குமா? ஓல்சன் அதனால்தான் பழைய நம்பிக்கையையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்: தத்துவம் படிக்கும் அறையில் பிழை என்று அறிவோம், வெளியே வந்ததும் நம்புவோம், மனிதர்கள் இப்படி இரண்டையும் சுமப்பது அரிதல்ல.

தேநீர்க் கடையில் கொதிநீர் ஊற்றியவரிடம் நான், “ஏன் ஊற்றினீர்கள்?” என்று கேட்டேன். “ஏன், உங்கள் நாயா?” என்றார். இதில் என் விருப்பம் ஏதாவது இருக்கிறதா என்று அவர் தேடினார். என் நாய் என்றால் என் கோபம் அவருக்கு விளங்கியிருக்கும். “யாருடைய நாயாக இருந்தாலும் தவறுதான்” என்றேன். மேக்கி பொய் என்று சொல்வது சரியாக இந்த வாக்கியத்தைத்தான்: யாருடையது என்பதையும், யார் விரும்புகிறார் என்பதையும் அது ஒதுக்கித் தள்ளுகிறது. அவரைப் பலமுறை படித்த பிறகும், அந்த இடத்தில் சொல்ல எனக்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லை.